டி-பில்லும் அரசுப் பத்திரமும்: குமரி மாவட்டத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்து, ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறேன். வடசேரிச் சந்தைக்குப் போனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் பணத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். அதிகம் கேட்கப்பட்டவற்றை அவர்கள் கேட்டபடியே போட்டு, பதிலையும் எழுதியிருக்கிறேன். வட்டி விகிதங்கள் 2025 டிசம்பர் நிலவரம். விலைகள் அந்தச் சமயத்தை ஒட்டி நான் எடுத்துக்கொண்ட மாதிரிக் கணக்கு. நீங்கள் வாங்கும் வாரத்தில் விலை சற்று வேறாக இருக்கும்.

டி-பில், டி-பில்னு சொல்லுதீங்களே, அதுக்கு வட்டி எப்போ வரும் அண்ணே?

வட்டி என்று தனியாக வராது. மத்திய அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்தான் ட்ரெஷரி பில். பாடப்புத்தகத்தில் கருவூல உண்டியல் என்று படித்திருப்பீர்கள். 100 ரூபாய்ப் பத்திரத்தை 98 ரூபாய் சில்லறைக்கு வாங்குகிறீர்கள். நாள் முடிந்ததும் அரசு 100 ரூபாய் தருகிறது. இடையில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வருமானம்.

91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை உண்டு. மூன்றும் ஏழால் வகுபடும் எண்கள். ஏலம் புதன்கிழமை, பத்திரம் கைக்கு வருவது வியாழக்கிழமை, முதிர்வதும் ஒரு வியாழக்கிழமைதான். வருடத்துக்கு 365 நாள் இருக்கும்போது இது ஏன் 364 என்று பலர் கேட்பதுண்டு. 52 வாரம் என்பதுதான் காரணம். ஏலம் விடுமுறையால் தள்ளிப்போனால் மட்டும் கிழமை மாறும்.

5.41 சதவீதம்னு போட்டிருந்தான். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா லட்சத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வந்துது. ஏமாத்துறானா?

ஏமாற்றவில்லை. போட்டிருந்தது ஒரு வருடத்துக்கான விகிதம், நீங்கள் பணம் கொடுத்ததோ 91 நாளுக்கு. கணக்கு இதுதான்:

```
(100 - P) / P * 365 / n * 100
```

P என்பது நீங்கள் கொடுத்த விலை, n என்பது நாள் எண்ணிக்கை. விலை 98.67, நாள் 91 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 1 ரூபாய் 33 காசு. 98.67 ரூபாய்க்கு அது சுமார் 1.35 சதவீதம். இதே வேகத்தில் வருடம் முழுக்க ஓடினால் 5.41 சதவீதம். லட்ச ரூபாய் முகமதிப்புள்ள பத்திரத்துக்கு நீங்கள் கட்டியது 98,670 ரூபாய், வந்தது 1,330 ரூபாய். சரியாகத்தான் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கி எஃப்.டி.யில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். அதனால் 6.25 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஒரு வருட எஃப்.டி. உண்மையில் 6.40 சதவீதம் தருகிறது. டி-பில்லில் எழுதியிருப்பது கூட்டு சேராத விகிதம். இரண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எஃப்.டி.க்குக் கொஞ்சம் குறைவாக மார்க் போட்டுவிடுவீர்கள்.

பேங்க் எஃப்.டி.யும் பாதுகாப்புதானே சார்? பின்ன எதுக்கு இந்தத் தலைவலி?

ஐந்து லட்சம் வரை பாதுகாப்புதான். வங்கி திவாலானாலும் வைப்புத்தொகை காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை தரும். 2020 பிப்ரவரி வரை இந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது. ஒரே வங்கியில் மூன்று கிளைகளில் போட்டாலும் ஒரே ஐந்து லட்சம்தான். அதற்கு மேல் உள்ள தொகைக்கு, அந்த வங்கி நன்றாக நடக்கும் என்ற உங்கள் நம்பிக்கை மட்டும்தான் பாதுகாப்பு. டி-பில்லுக்கும் அரசுப் பத்திரத்துக்கும் வரம்பு கிடையாது. கடன் வாங்கியிருப்பதே மத்திய அரசு.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. 'கூட்டுறவு வங்கி'யும் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்' என்பதும் ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. கடன் சங்கத்துக்கு இல்லை. நிதி லிமிடெட், பெனிஃபிட் ஃபண்ட், சீட்டு நிறுவனம் எதற்கும் இல்லை. அங்கே பணம் போட்டவர்கள் எல்லாம் தப்பு செய்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மார்த்தாண்டம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், அப்படி ஒரு நிறுவனம் கதவைச் சாத்திய பிறகுதான், பாஸ்புக்கின் பின்னட்டையில் காப்பீடு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீடு கட்ட ஒம்பது லட்சம் வச்சிருக்கேன். மூணு மாசத்துல அஸ்திவாரம், ஆறு மாசத்துல கான்கிரீட், வருஷம் திரும்பும்போது தரை, பெயின்ட். அதுவரைக்கும் இந்தப் பணத்தை எங்க வைக்க?

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய தக்கலைக்காரர் ஒருவர் கேட்டது. டி-பில் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி, ஏனென்றால் பணம் எந்தத் தேதியில் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு ஏற்கெனவே அதே வங்கியில் நாலரை லட்சம் எஃப்.டி. இருந்தது. ஒன்பதையும் அங்கேயே போட்டால் ஐந்து லட்ச வரம்பைத் தாண்டிவிடும்.

முதலில் நான் போட்ட திட்டம் மூன்று பங்கு. முகமதிப்பு தலா 3 லட்சம். முதல் பங்கு 91 நாள், இரண்டாவது 182 நாள், மூன்றாவது 364 நாள்.

91 நாள் பில் 98.67 விலையில்: கட்டுவது 2,96,010 ரூபாய், கூடுதலாகக் கிடைப்பது 3,990.

182 நாள் பில் 97.32 விலையில்: கட்டுவது 2,91,960, கிடைப்பது 8,040. விகிதம் 5.52 சதவீதம்.

364 நாள் பில் 94.75 விலையில்: கட்டுவது 2,84,250, கிடைப்பது 15,750. விகிதம் 5.56 சதவீதம்.

மொத்தம் 27,780 ரூபாய். இதையே சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீதத்துக்கு விட்டிருந்தால் ஏறக்குறைய 12,570 ரூபாய்தான். பதினைந்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இதைக் கேட்டதும் அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார்.

ஆனால் ஒப்பிட வேண்டியது சேமிப்புக் கணக்கோடு அல்ல. வேறு எங்கே வைக்கலாமோ அதோடு. அன்று ராத்திரி ஒவ்வொரு பங்காக எடுத்துப் பார்த்தேன். அவருடைய வங்கி மூன்று மாத எஃப்.டி.க்கு 4.5 சதவீதம் தந்தது. முதல் பங்குக்கு அது சுமார் 3,320 ரூபாய், டி-பில் தருவதோ 3,990. ஆறு மாதத்துக்கு வங்கி 5.5 சதவீதம்: சுமார் 8,010 ரூபாய். டி-பில் 8,040. கிட்டத்தட்ட சமம். ஒரு வருடத்துக்கு வங்கி 6.25 சதவீதம்: 18,190 ரூபாய் அளவில் வரும். டி-பில் 15,750 மட்டுமே.

கடைசிப் பங்குக்கு வங்கியே வேண்டாம் என்றாலும் டி-பில் சரியான இடம் இல்லை. பக்கத்துத் தபால் ஆபீஸில் ஒரு வருட டைம் டெபாசிட் 6.9 சதவீதம். அதுவும் மத்திய அரசின் உத்தரவாதம்தான். அதே 2,84,250 ரூபாய்க்கு ஏறக்குறைய 20,100 ரூபாய் கிடைக்கும். ஒரே அரசு, ஒரே பாதுகாப்பு, ஒரே காலம். டி-பில்லை விட நாலாயிரத்துக்கு மேல் அதிகம்.

காலையில் அவரைக் கூப்பிட்டு, "முதல் இரண்டு பங்கு டி-பில், மூன்றாவது தபால் ஆபீஸ்" என்று மாற்றிச் சொன்னேன். அப்படித்தான் செய்தார்.

அப்படீன்னா 364 நாள் டி-பில் யாருக்குத்தான்?

வங்கிகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும். அவர்கள் தபால் ஆபீஸில் போய் வரிசையில் நிற்க முடியாது. தனி ஆளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. தபால் ஆபீஸ் விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. சந்தை இறங்கினாலும் அது உடனே இறங்குவதில்லை. 2025-இல் அதுதான் நடந்தது. வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் 6.50-இலிருந்து 5.25-ஆகக் குறைத்தது. ஒரு வருட டி-பில்லும் கூடவே ஆறரையை ஒட்டிய இடத்திலிருந்து ஐந்தரை அருகே வந்துவிட்டது. தபால் ஆபீஸின் 6.9 அப்படியே நின்றது.

நாளைக்கு நிலைமை தலைகீழாகலாம். ரெப்போ ஏறினால் டி-பில் முதலில் ஏறும், தபால் ஆபீஸ் பின்னால் வரும். ஆகவே 'எது நல்லது' என்று மனப்பாடம் செய்து வைக்காமல், வாங்கும் வாரத்தில் இரண்டையும் பாருங்கள். தபால் ஆபீஸ் டெபாசிட்டில் ஒரு கட்டு உண்டு: ஆறு மாதத்துக்குள் எடுக்கவே முடியாது, ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஆறு மாதத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு டி-பில் பொருந்துவது அதனால்தான்.

எனக்கு விசைப்படகு. ஜூன், ஜூலை தடைக்காலத்துல எஞ்சின் வேலை பாக்கணும். கையில ரெண்டு லட்சம்தான் இருக்கு. இவ்வளவு சின்னத் தொகைக்குக் குடுப்பானா?

குறைந்தது 10,000 ரூபாய் முகமதிப்பு, அப்புறம் பத்தாயிரத்தின் மடங்கு. இரண்டு லட்சம் தாராளம். மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1-இல் தொடங்குகிறது. 2026 மார்ச் 5 வியாழக்கிழமை கைக்கு வரும் 91 நாள் பில், ஜூன் 4 வியாழக்கிழமை முதிர்ந்து உங்கள் வங்கிக் கணக்கில் பணமாக விழும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். முதிர்வு நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள். பட்டறைக்காரருக்கு வாக்குக் கொடுக்கும்போது இரண்டு நாள் தள்ளியே கொடுங்கள்.

கிடைக்கும் தொகை இரண்டாயிரத்து அறுநூறு, எழுநூறு ரூபாய்தான். இதற்காக மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம்: கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தால் செய்யுங்கள். இந்த ஒரு தடவைக்காக மட்டும் திறப்பதென்றால் வங்கியிலேயே விட்டுவிடலாம்.

கணக்கு எங்க தொடங்கணும்? ஏஜென்ட் யாராவது உண்டா?

ஏஜென்ட் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளம் 2021 நவம்பர் 12-இல் தொடங்கியது. முகவரி `rbiretaildirect.org.in`. 2024-இல் மொபைல் ஆப்பும் வந்துவிட்டது. கணக்கு திறக்கவும் பராமரிக்கவும் கட்டணம் இல்லை. பணம் கட்டும்போது பேமென்ட் கேட்வே ஏதாவது பிடித்தால் அது உங்கள் செலவு. 'ரிசர்வ் வங்கிப் பத்திரம், 12 சதவீதம் உறுதி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அது ரிசர்வ் வங்கி அனுப்பியது அல்ல.

பான், ஆதார், சேமிப்புக் கணக்கு, மொபைல் எண், மின்னஞ்சல் இருந்தால் போதும். கணவன் மனைவி சேர்ந்து கூட்டுக் கணக்காகவும் திறக்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது பெயரில். பான் கார்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, வெளிநாடு போனவர் என்றால் பாஸ்போர்ட்டுக்காகப் பெயரைப் பிரித்து எழுதியது வேறு. வங்கிப் புத்தகத்தில் வீட்டுப்பெயரும் சேர்ந்திருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், அல்லது வங்கிக் கணக்கு சரிபார்க்கும் இடத்தில் நிற்கும். முதலில் பானையும் ஆதாரையும் ஒன்றாக்குங்கள், பிறகு வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. புதுப்பியுங்கள், கடைசியாக இந்தத் தளத்துக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய நேரிடும். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மகன் துபாய்க்குக் கொண்டுபோன சிம்முக்குத்தான் ஓ.டி.பி. போகிறது என்று கடைசியில் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏலம்னு சொல்லுதீங்க. நான் என்ன விலை கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?

விலை கேட்கவே வேண்டாம். பெரிய வங்கிகள் விலை சொல்லிப் போட்டி போடும். சிறு முதலீட்டாளர் 'இவ்வளவு தொகைக்கு வேண்டும்' என்று மட்டும் சொல்கிறார். ஏலத்தில் ஏற்கப்பட்ட விலைகளின் சராசரிதான் உங்கள் விலை. தோவாளைப் பூச்சந்தையில் மொத்த வியாபாரிகள் பேசி முடித்த பிறகு அன்றைய சராசரி விலையில் உங்களுக்கு ஒரு முழம் தருவதுபோல.

நடைமுறை இதுதான். வரும் புதன்கிழமை எந்தெந்தப் பில் ஏலத்துக்கு வருகிறது என்று முந்தைய வாரமே அறிவிப்பு வந்துவிடும். தளத்தில் உள்ளே போய், நாள் கணக்கைப் பார்த்து, தொகையைப் போட்டு, யு.பி.ஐ. அல்லது நெட் பேங்கிங் வழியாகப் பணத்தைக் கொடுக்கிறீர்கள். யு.பி.ஐ.யில் ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை போகும். விலை இன்னும் முடிவாகாததால், எதிர்பார்க்கும் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுப்பார்கள். மிச்சம் பிறகு திரும்ப வரும். அதனால் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள். வியாழக்கிழமை பத்திரம் உங்கள் பெயரில் ஏறியிருக்கும்.

என் முதல் அனுபவம் நன்றாக இல்லை. நேரம் இருக்கிறதே என்று புதன்கிழமை காலை வரை விட்டுவைத்தேன். பணம் கட்டும் நேரத்தில் என் வங்கியின் நெட் பேங்கிங் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஏலத்தில் என் பெயர் இல்லை. பணம் திரும்ப வந்தது, ஆனால் அந்த வார ஏலம் போனது போனதுதான். இப்போது திங்கள், செவ்வாய்க்குள் முடித்துவிடுகிறேன்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா இதையே செய்ய முடியாது அண்ணே. மறந்து போவேன்.

2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி டி-பில்லுக்குத் தானாக ஏலம் கேட்கும் வசதியை அறிவித்தது. புதிதாகப் போடவும், முதிர்ந்ததை மறுபடி போடவும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வசதிதான். ஆனால் விகிதம் இறங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் இறங்கிய விகிதத்தில்தான் மறுபடி போகும். 2025 தொடக்கத்தில் ஆறரை சதவீதம் பார்த்து 91 நாள் பில்லில் போட்டவர், அதையே சுற்றிக்கொண்டிருந்தால் வருடக் கடைசியில் ஐந்தரைக்கும் கீழே நின்றிருப்பார். ஒரு வருடத்துக்குப் பிறகுதான் பணம் தேவைப்படும் என்று தெரிந்தால், தானியங்கி வசதியைப் போட்டுவிட்டு மறந்துவிடாமல் வேறு இடத்தைப் பாருங்கள்.

இடையில ஆஸ்பத்திரிச் செலவு வந்துட்டா வித்து எடுக்கலாமா?

சட்டப்படி விற்கலாம். அந்தத் தளத்திலேயே இரண்டாம் நிலைச் சந்தை உண்டு. ஆனால் அங்கே கோடிக்கணக்கில் பேசுபவர்களே அதிகம். உங்கள் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பில்லை வாங்க ஆள் உடனே வராமல் போகலாம், வந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம். எஃப்.டி.யை உடைத்தால் அபராதம் பிடித்துக்கொண்டாவது மேனேஜர் அன்றே பணம் தருவார். அந்த வசதி இங்கே இல்லை. அவசரத்துக்கான பணத்தை டி-பில்லில் போடாதீர்கள். நான் மூன்று மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வைத்திருக்கிறேன். வட்டி குறைவுதான், ராத்திரி பத்து மணிக்கும் கார்டு வேலை செய்யும்.

பத்து வருஷப் பத்திரம் வாங்கி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வட்டி எடுத்துச் சாப்பிடலாம்னு பாக்கேன். டி-பில்ல விட வட்டியும் கூடுதல். சரிதானே சார்?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். டி-பில்லைவிட ஒரு சதவீதம் போலக் கூடுதல் கிடைக்கிறதுதான். ஆறரை சதவீதப் பத்திரம் லட்ச ரூபாய்க்கு வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,250 ரூபாய் வரும், பத்தாவது வருடம் லட்சமும் திரும்ப வரும். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஏலம், குறைந்த தொகை இதிலும் பத்தாயிரம்தான்.

ஆபத்து எங்கே என்றால், நடுவில் விற்க வேண்டி வந்தால். நீங்கள் ஆறரை சதவீதத்தில் வாங்கியிருக்கிறீர்கள். சந்தை விகிதம் ஏழரைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். புதுப் பத்திரம் ஏழரை தரும்போது உங்கள் ஆறரையை யாராவது நூறு ரூபாய் கொடுத்து வாங்குவாரா? பத்து வருடம் பாக்கி இருந்தால் அதன் விலை ஏறக்குறைய 93 ரூபாய்க்கு இறங்கும். லட்சத்துக்கு ஏழாயிரம் நஷ்டம், ஒரு வருட வட்டிக்கும் கூடுதல். இது கற்பனைக் கணக்கு அல்ல. 2022 தொடக்கத்தில் ஆறரையை ஒட்டியிருந்த பத்து வருடப் பத்திர வருமானம் ஜூன் மாதத்துக்குள் ஏழரைக்குப் போனது. அரசு ஒரு ரூபாய்கூடக் கடன் தவறவில்லை. ஆனாலும் அந்தச் சமயத்தில் விற்றவர் கையைச் சுட்டுக்கொண்டார். சந்தை விகிதம் இறங்கினால் இதே கணக்கு உங்களுக்கு லாபமாகவும் வரும். ஆனால் மருந்துச் செலவுக்கு வைத்த பணத்தை வைத்து அந்தப் பந்தயம் வேண்டாமே.

ஆசிரியருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் முதலில் போக வேண்டிய இடம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி, ஐந்து வருடம், ஒருவருக்கு 30 லட்சம் வரை. பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாய். ஆறரை சதவீத அரசுப் பத்திரத்தில் அதே பத்து லட்சத்துக்கு மூன்று மாதக் கணக்கில் 16,250 ரூபாய்தான். அந்த 30 லட்சமும் நிரம்பிய பிறகு பத்து வருடப் பத்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்றேன். "முப்பது லட்சமா!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அறுபது ஆகாதவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது: ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம். தேசிய சேமிப்புப் பத்திர வட்டியோடு 0.35 சேர்த்து இப்போது 8.05 சதவீதம்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை விகிதம் மாற்றி அமைக்கப்படும். ஆனால் ஏழு வருடம் கைவைக்க முடியாது, விற்கவும் முடியாது. ஆயிரம் ரூபாயிலிருந்து போடலாம்.

தமிழ்நாடு அரசுப் பத்திரமும் அதே தளத்துல காட்டுது. வட்டி கொஞ்சம் கூடுதலா இருக்கு. வாங்கலாமா?

மாநில அரசுகளின் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு வரும். மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். திருப்பித் தர வேண்டியது மாநில அரசு. ஏலத்தையும் வட்டி பட்டுவாடாவையும் ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்கிறது. முதிர்வு வரை வைத்திருப்பேன் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுவில் விற்பது மத்திய அரசுப் பத்திரத்தைவிடவும் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் கூடுதல் வட்டி.

வரி பிடிப்பானா?

டி-பில்லில் டி.டி.எஸ். பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. 3,990 ரூபாய் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்குக்கு ஏற்ப வரி வரும். எஃப்.டி. வட்டிக்கும் அதே நிலைதான், ஆகவே வரியை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை. டி-பில்லில் பணம் முதிர்வு நாளில் மொத்தமாக வருவதால், லாபமும் அந்த நிதியாண்டில்தான் விழும். ஏப்ரலில் முதிரும் பில் அடுத்த வருடக் கணக்குக்குப் போகும். வங்கி வட்டிச் சான்றிதழ் தருவதுபோல இதற்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள். வாங்கிய விலையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்க அப்பா இதெல்லாம் போட்டு வச்சிருந்தாருன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு மகள் கேட்டது. பாஸ்புக் கிடையாது, காகிதப் பத்திரம் கிடையாது. அப்பாவின் மின்னஞ்சலிலும் மொபைலிலும்தான் எல்லாம் இருக்கிறது. முதிர்ந்தால் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருந்தால் சிக்கல். கணக்கு திறக்கும்போதே நாமினி கேட்கும், இரண்டு பேர் வரை போடலாம். பலர் 'பிறகு போடலாம்' என்று தாண்டிவிடுகிறார்கள். அவரைத் தளத்தைத் திறக்கச் சொல்லி, நாமினி பகுதியில் உங்கள் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே எழுதியிருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.